ஹீமோகுளோபின் 12.2, ஃபெரிட்டின் 14: இந்த இரண்டு எண்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: எனக்கு 29 வயது. இரண்டு வருடமாக அரை மராத்தான் ஓடுகிறேன். ஹீமோகுளோபின் 12.2, ஃபெரிட்டின் 14. லேப் ரிப்போர்ட்டில் இரண்டுமே நார்மல் என்று போட்டிருக்கிறது. ஆனால் முன்பு சுலபமாக ஓடிய வேகத்திலேயே இப்போது மூச்சு வாங்குகிறது. முட்டையும் கறியும் வாரத்தில் ஒரு நாள்தான். சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்:

உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பதினோரு ஆண்டுகளாக நீண்ட தூரம் ஓடவும் செய்கிறேன். உங்களுடையதைப் போன்ற ஓர் அறிக்கை ஒரு காலத்தில் என் கையிலும் இருந்தது.

பானையில் சோறு இருக்கிறது, குதிரில் நெல் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் உங்கள் அறிக்கை சொல்லும் செய்தி. ஹீமோகுளோபின் என்பது இப்போது ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு. ஃபெரிட்டின் என்பது உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அடையாளம். வரவு குறையும்போது உடல் முதலில் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும் என்பதால், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கி ரத்தசோகை என்று பெயர் பெறுவதற்குப் பல மாதங்கள் முன்பே ஃபெரிட்டின் தரைதட்டிவிடும். பல ஆய்வகங்கள் பெண்களுக்கான கீழ் எல்லையை 10 அல்லது 13 என்று அச்சிடுகின்றன. அந்த எல்லைக்கு ஒரு படி மேலே இருப்பதால் உங்களுக்கு நார்மல் என்று வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 15-க்குக் கீழே போனாலே இரும்புக் குறைபாடு என்கிறது. ஓட்டக்காரர்களைப் பார்க்கும் விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30 அல்லது 35-க்குக் கீழேயே விழித்துக்கொள்கிறார்கள்.

நீண்ட தூரம் ஓடிப் பழகிய உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால், ஹீமோகுளோபின் நீர்த்துப்போய்ச் சற்றுக் குறைவாகத் தெரிவதுண்டு. அது நோய் அன்று. உங்கள் 12.2-இல் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் ஃபெரிட்டின் 14 என்பதை அந்த நீர்ப்பு விளக்காது.

ஃபெரிட்டினுக்கு ஒரு விசித்திரம் உண்டு: குறைவாகக் காட்டினால் நம்பலாம், நன்றாகக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். சளி, காய்ச்சல், கடுமையான ஓட்டம் இவற்றுக்குப் பிறகு, சேமிப்பு கூடாமலேயே அந்த எண் உயரும். எனக்கு முதலில் வந்தது 38. ஞாயிற்றுக்கிழமை 28 கிலோமீட்டர் ஓடிவிட்டு, தொண்டைக் கரகரப்போடு திங்கள்கிழமை காலையில் ரத்தம் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து, முந்தைய நாள் ஓய்வெடுத்துவிட்டுக் கொடுத்தபோது 19 என்று வந்தது. அடுத்த முறை நீங்களும் அப்படியே கொடுங்கள், கூடவே சி.ஆர்.பி. பரிசோதனையும் செய்துகொண்டால், உடலில் அழற்சி ஏதும் இருந்து எண்ணை உயர்த்துகிறதா என்பது தெரிந்துவிடும்.

உணவுக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். ஃபெரிட்டினில் ஓர் அலகு என்பது தோராயமாக 8 மில்லிகிராம் சேமிப்பு இரும்பு. 14-இலிருந்து 40-க்குப் போக ஏறக்குறைய 208 மில்லிகிராம் வேண்டும். செலவுப் பக்கத்தில், தோல், குடல் வழியாக நாள்தோறும் சுமார் 0.8 மில்லிகிராம் போகிறது. மாதவிடாயில் 60 மில்லி ரத்தம் போவதாக வைத்துக்கொண்டால், அது மாதத்துக்கு 24 மில்லிகிராம், அதாவது நாளுக்கு 0.85. ஆக, ஒரு நாள் செலவு 1.65. பெரும்பாலும் தானியமும் பருப்பும் கீரையுமாகச் சாப்பிட்டு நாளுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனாலும், அதில் 5 சதவீதம் உறிஞ்சப்பட்டால் வரவு வெறும் 1 மில்லிகிராம். அதே தட்டிலிருந்து 10 சதவீதம் உறிஞ்ச வைத்தால் வரவு 2 ஆகிறது. அப்போதும் மிச்சம் 0.35-தான், 208 சேர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே, பள்ளத்தை நிரப்ப மாத்திரை தேவைப்படலாம், திரும்பப் பள்ளம் விழாமல் காப்பது உணவு என்று பிரித்துக்கொள்வது நல்லது. மாத்திரையை மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். இரும்புக் குறைவுள்ள பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் விழுங்குவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தபோது உறிஞ்சும் விகிதம் கூடியது. அதையும் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த 5 சதவீதத்தை 10 ஆக்குவது எப்படி? பெரும்பாலோர் பீட்ரூட்டையும் பேரீச்சையையும் கூட்டுவார்கள். பீட்ரூட்டின் நிறம் ரத்தத்தின் நிறமாக இருப்பதைத் தவிர, அதில் சொல்லிக்கொள்ளும்படி இரும்பு இல்லை. என் தவறு வேறு மாதிரியானது. ஓடிவிட்டு வந்ததும் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியும், அது ஆறுவதற்குள் டபராவில் ஆற்றிய ஃபில்டர் காபியும் குடிப்பேன். கேழ்வரகில் இருந்த கொஞ்ச இரும்பையும் அந்தக் காபி கட்டிப்போட்டுக்கொண்டிருந்தது. தேநீர் இன்னும் மோசம். காபியை நான் விடவில்லை. ஓடப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகத் தள்ளிவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேண்டும் என்பவர்கள் இரண்டு மணி நேரமாவது விடுவது நல்லது.

காலை நேரத்தைக் குறிவைப்பதற்கும் காரணம் உண்டு. கடுமையாக ஓடிய மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உள்ளே விடும் வாசலைச் சாத்திவிடுகிறது. எனவே காலையில் ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள், வாசல் திறந்திருக்கும்போதே, இரும்புள்ள உணவைச் சாப்பிட்டுவிட வேண்டும். நான் சாப்பிடுவது முளைகட்டிய பச்சைப்பயறு அல்லது ஊறவைத்து வேகவைத்த கொள்ளுச் சுண்டல். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்து, கூடவே ஒரு கொய்யா. ஊறுவதும் முளைப்பதும் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைடேட்டைக் குறைக்கின்றன. வைட்டமின் சி மீதியைக் கரைத்துக் கொடுக்கிறது. எலுமிச்சையைக் கொதிக்கவிட்டால் அந்தப் பயன் பெரும்பகுதி போய்விடும். தயிரையும் பாலையும் வேறு வேளைக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்கள் கறி சாப்பிடுபவர் என்பதால், வாரம் ஒரு நாளை இரண்டு மூன்றாகப் பிரித்து, சிறு அளவாகக் கீரை, பருப்போடு ஒரே வேளையில் சேருங்கள். கறியில் உள்ள இரும்பு எளிதில் ஏறும். பக்கத்தில் இருக்கும் பருப்பின் இரும்பையும் சேர்த்து ஏற்றிவிடும். ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த விஷயத்தில் சரியாகத்தான் சொன்னார்கள். மொத்தச் சாப்பாட்டு அளவையும் குறைத்துவிடாதீர்கள். ஓடும் தூரத்துக்கு ஏற்ற அரிசியும் எண்ணெயும் போதாமல் மாதவிடாய் தள்ளிப்போனால், அது இரும்பைத் தாண்டிய பிரச்சினை, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறிக்கையில், ரத்தச் சிவப்பணுக்களின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. என்ற எண்ணையும் பாருங்கள். அது 80-க்குக் கீழே இருந்து, அழற்சி இல்லாத நிலையில் ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் தலசீமியா மரபுக்கூறாக இருக்கலாம். அதற்கு இரும்பு மாத்திரை உதவாது. 100-ஐத் தாண்டியிருந்தால் பி12-ஐப் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். அப்போதும் ஃபெரிட்டின் அசையவில்லையென்றால், உணவைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, மாதவிடாய்ப் போக்கு அதிகமா, ஓட்ட வலிக்கு அடிக்கடி விழுங்கும் மாத்திரையால் குடலில் கசிவு இருக்கிறதா என்று மருத்துவர் தேட வேண்டியிருக்கும்.

எனக்கு மாத்திரையும் உணவுமாக ஐந்து மாதத்தில் 19 என்பது 43 ஆனது. அதே காலத்தில் ஹீமோகுளோபின் 12.4-இலிருந்து 12.9-க்குத்தான் போனது, ஆனால் மேம்பாலம் ஏறும்போது நின்று மூச்சு வாங்குவது இரண்டாவது மாதக் கடைசியிலேயே போய்விட்டிருந்தது.