கொலோசியத்தில் முதலில் வாசல் எண்ணைப் பாருங்கள்

“ஆகஸ்டில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரோம் போகிறோம். கொலோசியத்தில் 50,000 பேர் ஐந்தே நிமிடத்தில் வெளியேறிவிடுவார்களாம், அது நிஜமா? மிருகங்கள் தரைக்கடியிலிருந்து மேலே வந்ததும், வெயிலுக்குத் துணி போட்டதும் எப்படி? நேரில் எதைப் பார்த்தால் இதெல்லாம் புரியும்?” - ஒரு வாசகர், கோவை

உள்ளே போவதற்கு முன் வெளியே அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டத்தைப் பிரிக்கும் வேலை அங்கேதான் தொடங்கியது.

வெளிச்சுவர் முழு உயரத்துக்கும் நிற்பது வடக்குப் பக்கத்தில்தான். அங்கே தரைத்தளத்து வளைவு வாசல்களின் உச்சியில் ரோமன் எண்கள் வெட்டியிருக்கும். மொத்தம் 80 வாசல்கள். அவற்றில் 76-க்கு எண் உண்டு. இன்று 23 முதல் 54 வரை மிஞ்சியிருக்கின்றன. 54-ஐ நம் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி எழுதாமல், ஐம்பதுக்கான எழுத்தை வெட்டி அதன் பக்கத்தில் நான்கு கோடுகள் போட்டிருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் சுவரைச் சுத்தம் செய்தபோது இந்த எண்களின் பள்ளங்களில் சிவப்புச் சாயம் தெரிந்தது. தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று பூசியது. எண் இல்லாத நான்கு வாசல்கள் நீள்வட்டத்தின் நான்கு முனைகளில் இருக்கின்றன. அவை பேரரசருக்கும் பெரிய மனிதர்களுக்கும் ஊர்வலங்களுக்கும் உரியவை.

அப்புறம் கிழக்குப் பக்கம் வாருங்கள். சுவரிலிருந்து ஏறக்குறைய 18 மீட்டர் தள்ளி, ஆளுயரத்தை ஒட்டிய ஐந்து கற்கள் நிற்கும். அவற்றில் துளைகள் இருக்கும். மேலே கட்டிய துணியின் கயிறுகளை இங்கே இழுத்துக் கட்டினார்கள் என்று சிலர் சொல்வார்கள். துளைகள் கட்டடத்தைப் பார்த்த பக்கம் இருப்பதால், இங்கே தடுப்பு போட்டு ஆட்களைப் பிரித்து விட்டார்கள் என்பதையே நான் ஏற்கிறேன்.

யாருக்கு எந்த இடம் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். செனட்டர்கள் மணல் களத்தை ஒட்டி முன்வரிசையில், பெண்களும் ஏழைகளும் உச்சியில். கி.பி. 80-இல் அரங்கம் திறந்தபோது அர்வால் என்ற பூசாரிகள் குழுவுக்கு ஒதுக்கிய இடங்களின் விவரம் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. கீழடுக்கில் 12-ஆவது பிரிவு, உச்சியில் மரப்படிகள் உட்பட மூன்று இடங்களில் அவர்களுக்குப் பங்கு. கணக்கு ஆள் தலையில் இல்லை, நீளத்தில்: மொத்தம் 129 அடி சொச்சம். இதை வைத்துத்தான், நான்காம் நூற்றாண்டுப் பட்டியல் ஒன்று சொல்லும் 87,000 என்ற எண்ணிக்கையை ஆள்கணக்காக எடுக்காமல் இருக்கை நீளமாக எடுக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆளுக்கு ஒன்றரை அடி என்று வகுத்தால் 58,000 வரும்.

சரி, அந்த ஐந்து நிமிடக் கதைக்கு வருவோம். 50,000 பேரை 76 வாசல்களுக்குப் பங்கிட்டால் வாசலுக்குச் சுமார் 660 பேர். படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம் என்பது இன்று விளையாட்டு மைதானங்களுக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு. ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு மீட்டர் படி இருப்பதாக வைத்தால் நிமிடத்துக்கு 132 பேர், அதாவது 660 பேருக்கு ஐந்து நிமிடம். ஆக, எண் வருகிறது. ஆனால் அது எல்லா வாசலிலும் கூட்டம் சமமாகப் பிரிந்து, ஒருவரும் நிற்காமல் நடந்தால் வரும் எண். நிஜத்தில் சில வாசல்கள் கீழடுக்குக்கு நேராகப் போகும், சில உச்சிக்கு ஏறும். கீழடுக்கில் ஆள் குறைவு, அவர்கள் உடனே போய்விடுவார்கள். உச்சியில் இருப்பவர்களுக்குத்தான் தூரமும் அதிகம், படியும் செங்குத்து. கடைசி ஆள் தெருவில் கால் வைக்கக் கால்மணி நேரம் ஆகியிருக்கும் என்பது என் மதிப்பீடு. அதுவே பெரிய சாதனை.

அது முடிந்ததற்குக் காரணம் வேகமில்லை. கீழடுக்குப் படியும் மேலடுக்குப் படியும் தனித்தனி. இரண்டு கூட்டமும் வழியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதில்லை. இருக்கைகளுக்கு நடுவே திறக்கும் வழிகளுக்கு ‘வோமிடோரியா’ என்று பெயர். அதற்கும் விருந்தில் சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் அறைக்கும் சம்பந்தம் கிடையாது. அரங்கம் ஆட்களை வெளியே கக்குகிறது, அவ்வளவுதான். வந்த வழியிலேயே திரும்புவதால் யாரும் வாசலைத் தேடவும் வேண்டாம். உள்ளே நிற்கும்போது ஒரு படிக்கட்டைத் தேர்ந்தெடுத்து, அது எந்த வட்ட நடைவழியில் சேர்கிறது, அங்கிருந்து எந்த வாசலுக்குப் போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள். பளிங்கு இருக்கைகள் தெரியும் சின்னப் பகுதியை மட்டும் நம்ப வேண்டாம். அது போன நூற்றாண்டில் அடுக்கியது.

மிருகங்களைத் தூக்கிய ஏற்பாட்டைப் பார்க்க நிலவறைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு, பேரரசர் டொமிஷியன் காலத்தில் கட்டிய பகுதி இது. ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் ஹைன்ஸ் யூர்கன் பெஸ்டே இங்கே பல ஆண்டுகள் சுவரின் வெட்டுகளையும் தரையின் குழிகளையும் அளந்து, 60 சுழல் உருளைகள் இருந்தன என்று கணக்கிட்டார். நம் ஊர்ச் செக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் செங்குத்தான மரத்தூண், அதில் குறுக்கே கழிகள். மாட்டுக்குப் பதில் ஆட்கள் சுற்றுவார்கள். தூண் இரண்டு தளம் உயரம், தளத்துக்கு நான்கு பேர். கயிறு தூணில் சுற்றச் சுற்ற, சுவரின் பள்ளத்தில் கூண்டு மேலேறும். களத்தின் மரத்தரையில் ஒரு கதவு திறக்க, சிறுத்தையோ ஓநாயோ மணலில் பாயும்.

2015-இல் இதை மரத்தில் மறுபடி செய்து, ஓநாய் ஒன்றை ஏற்றிப் பார்த்தார்கள். சுமார் 300 கிலோ தூக்கும். அதனால் யானை இந்த வழியில் வந்திருக்க முடியாது, தரைமட்ட வாசல்தான் அதற்கு. அந்தக் கூண்டு இப்போதும் நிலவறையில் இருக்கிறது. பக்கத்தில் நின்று தரையில் வட்டக் குழியையும் சுவரில் நெடுக ஓடும் பள்ளத்தையும் தேடுங்கள். குழி தூணுக்கு, பள்ளம் கூண்டுக்கு. இத்தனை மரமும் கயிறும் இருந்தால் தீ ஆபத்துதான். கி.பி. 217-இல் மின்னல் விழுந்து மேல் இருக்கைகளும் களமும் எரிந்தன. பல ஆண்டுகள் அரங்கம் மூடிக்கிடந்தது.

வெயில் துணிக்கு மறுபடி வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். நான்காவது தளத்தில் ஒவ்வொரு பிரிவிலும் மூன்று கல் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும், முழுச் சுற்றுக்கு 240. அவற்றுக்கு நேர்மேலே கூரை விளிம்பில் துளை. கம்பம் துளைக்குள் இறங்கித் தாங்கியில் உட்காரும். துணியை விரித்தவர்கள் மிசேனம் கடற்படையின் மாலுமிகள்; பாய்மரமும் கயிறும் பழகிய கை வேண்டுமல்லவா. நிழல் எல்லா நாளும் உறுதி இல்லை. அதனால்தான் பொம்பெயி ஊரின் சுவர் விளம்பரங்களில் ‘துணி உண்டு’ என்று தனியாக எழுதினார்கள். நல்ல உச்சி வெயிலில் துணியைச் சுருட்டச் சொல்லி, யாரும் வெளியேறக்கூடாது என்று பேரரசன் காலிகுலா உத்தரவிடுவான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அது இதற்கு முந்தைய அரங்கங்களில்.

இப்போது அந்தத் துணி இல்லை, ஆகஸ்ட் வெயில் இருக்கிறது. அப்பா அம்மாவுக்காகக் காலை முதல் நேர டிக்கெட்டை எடுங்கள். முதலில் நிலவறை, பிறகு மேலே, வெளிச்சுவர் கடைசியில் என்று வரிசையை மாற்றிக்கொண்டாலும் பரவாயில்லை. வாசல் எண்களை மாலையிலும் பார்க்கலாம், அதற்கு டிக்கெட் வேண்டாம்.