ஒருங்கமை சமன்பாட்டின் விடையை ஏன் இரண்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும்?

"மகள் விடையை ஒரு சமன்பாட்டில் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது. ஆனால் சேர் பிழை போட்டுவிட்டார். எப்படி?"

திருகோணமலையில் என்னிடம் ரியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் இதில்தான் விழுவார்கள். கணக்கு இது:

3x + 2y = 18
3x − y = 9

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் x போய்விடும். 2y − (−y) என்பது 3y. ஆகவே y = 3, x = 4. பிள்ளை அடைப்பை மறந்து 2y − y = y என்று எழுதினால் y = 9 என்று வரும். அதை முதலாவதில் பிரதியிட x = 0.

இப்போது முதலாவதிலேயே சரிபார்த்தால் 0 + 18 = 18. பொருந்தத்தானே செய்யும்! x-ஐ எடுத்ததே அதிலிருந்துதான். y எவ்வளவு பிழையாக இருந்தாலும் அது பொருந்தும். இரண்டாவதில் போட்டால் 0 − 9 = −9; வரவேண்டியது 9. அங்கேதான் பிடிபடும்.

கழித்தலில் தடுமாறும் பிள்ளைக்குப் பிரதியிடல் முறை நல்லது: y = 3x − 9 என்று எடுத்து முதலாவதில் போட்டால் 9x − 18 = 18, x = 4.

அப்புறம், சரிபார்ப்பது வினாத்தாளில் உள்ள சமன்பாடுகளில்தான். இடையில் நீங்கள் பெருக்கி மாற்றியதில் அல்ல, அதிலேயே பிழை இருக்கலாம்.