குழந்தைக்கும் 10 குப்பியா? பாம்புக்கடி விஷமுறிவு மருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகளுக்கு 4 வயது, எடை 14 கிலோ. மல்லாட்டைக் கழனியில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த 60 கிலோ பெரியவருக்கும் அதே 10 குப்பிதான். காய்ச்சல் மருந்தையே எடை பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்? இது மட்டும் ஏன் இப்படி? (குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தாய்)

காய்ச்சல் மருந்து குழந்தையின் உடம்பின் மேல் வேலை செய்கிறது. உடம்பு சிறியது என்றால் மருந்தும் குறைய வேண்டும். விஷமுறிவு மருந்து அப்படி அல்ல. அது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம். உள்ளே போய் விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. ஆகவே எவ்வளவு மருந்து என்பதை, எவ்வளவு விஷம் இறங்கியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. கடிக்கிற பாம்பு ஆளின் எடை பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. விஷம் இறக்குகிறது. நம் நாட்டில் கிடைக்கும் மருந்தில் 1 மி.லி. அந்த விஷத்தில் 0.6 மி.கி.யை முறிக்க வேண்டும் என்பது தர அளவு. ஒரு குப்பி 10 மி.லி.; அதாவது 6 மி.கி. விஷத்துக்கு ஒரு குப்பி. 10 குப்பி என்றால் 60 மி.கி. முதல் தவணை 8 முதல் 10 குப்பி என்று வைத்திருப்பதன் அடிப்படை இதுதான்.

இப்போது உங்கள் மகளுக்கு எடைக் கணக்கில் குறைத்துக் கொடுத்திருந்தால்? 60 கிலோவுக்கு 10 என்றால் 14 கிலோவுக்கு இரண்டேகால் குப்பிக்குச் சற்று மேல் வரும். அது முறிப்பது 14 மி.கி. மீதி 49 மி.கி. ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதுவும் எந்த உடம்பில்? அதே 63 மி.கி. அந்தப் பெரியவர் உடம்பில் கிலோவுக்கு 1 மி.கி. என்று பரவுகிறது, குழந்தை உடம்பிலோ கிலோவுக்கு நாலரை மி.கி. விஷத்தின் தாக்குதல் நான்கு மடங்குக்கும் மேல். குழந்தைகளுக்கு அறிகுறிகள் சீக்கிரம் வருவதும், வந்தால் கடுமையாக இருப்பதும் இதனால்தான். விஷம் அடர்த்தியாக இருக்கிற இடத்தில் மருந்தைக் குறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

63 என்பது சராசரிதான். 5 மி.கி. இறங்கிய கடியும் உண்டு, 147 மி.கி. இறங்கிய கடியும் உண்டு. எவ்வளவு இறங்கியது என்று கடித்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் தவணையைக் கொடுத்துவிட்டு, பிறகு ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

10 குப்பி என்றால் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அவ்வளவு தண்ணீர் ஏற்றினால் நெஞ்சில் கோத்துக்கொள்ளாதா? (ஆற்காடு)

கேட்க வேண்டிய கேள்வி இது. எடை பார்க்க வேண்டியது இங்கேதான்: மருந்தில் அல்ல, மருந்தைக் கலக்கும் திரவத்தில்.

குப்பி என்றதும் பலர் அரை லிட்டர் டிரிப் பாட்டிலை நினைத்துக்கொள்கிறார்கள். இது கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி. உள்ளே வெள்ளைத் தூள். அதில் 10 மி.லி. ஊசி நீரை விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரை பொங்கி, மருந்தை முழுசாக உறிஞ்சி எடுக்க முடியாது, புரதமும் கெடும். ஒவ்வொரு குப்பியும் கரையச் சில நிமிடங்கள் ஆகும். செவிலியர் பத்தையும் உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, தாமதம் செய்கிறார்கள் என்று வெளியே நிற்பவர்கள் கோபப்பட வேண்டாம். அது செய்தே ஆக வேண்டிய வேலை.

பத்தும் கரைந்தால் 100 மி.லி. பெரியவருக்கு இதைக் கால் லிட்டர், அரை லிட்டர் சலைனில் கலந்து ஏற்றுவார்கள். குழந்தைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. சலைன் போதும். 10 கிலோ குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி.; மருந்தும் சேர்த்து மொத்தம் 150 முதல் 200 மி.லி. இதை ஒரு மணி நேரத்தில் ஏற்றுகிறார்கள். தவறு நடக்கிற இடம் ஒன்றுதான்: பெரியவருக்குப் போல அரை லிட்டர் பாட்டிலில் கலந்து மாட்டிவிடுவது. அப்படிச் செய்தால் நீங்கள் பயப்படுகிற மாதிரியே மூச்சு வாங்கும். அதற்காகக் குப்பியைக் குறைப்பது பரிகாரம் அல்ல. சலைனைக் குறைப்பதுதான் பரிகாரம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில், "சின்னப் பையன்தானே" என்று 2 குப்பி மட்டும் போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். அதுவாவது கொஞ்சம் தாங்கியிருக்கும் அல்லவா? (அணைக்கட்டு)

தாங்காது. கடித்தது கண்ணாடி விரியன் என்றால் 2 குப்பி 12 மி.கி. விஷத்தைக் கட்டும். மிச்ச விஷம் ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தின்றுகொண்டே இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் சோதிக்கும்போதும் ரத்தம் உறையாமல்தான் இருக்கும். ஒவ்வாமை வரும் ஆபத்து 2 குப்பியிலும் இருக்கிறது. ஆக, ஆபத்தை முழுசாக ஏற்றுக்கொண்டு பலனில் கொஞ்சத்தை மட்டும் வாங்கிக்கொண்ட கணக்கு அது.

விஷம் ஏறிய அறிகுறி தெரிந்து, கையில் மருந்தும் இருந்தால், முதல் தவணையை அங்கேயே முழுசாகத் தொடங்கிவிட்டு அனுப்புவதே சரி. ஒடுகத்தூரிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ கீழே இறங்கி வர ஆகும் நேரம் விஷத்துக்குச் சாதகமான நேரம். அனுப்பும் சீட்டில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எத்தனை குப்பி, எந்த நேரத்தில், அதற்கு முன் ரத்தம் உறைந்ததா இல்லையா.

இரவு 8 மணிக்கு 10 குப்பி கொடுத்தார்கள். 2 மணிக்கு எழுப்பி ரத்தம் எடுத்துவிட்டு மறுபடி 10 என்றார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு 20 குப்பி அளவுக்கு மீறியது இல்லையா? ஏன் 6 மணி நேரம் காத்திருந்தார்கள்? (காட்பாடி)

அந்தச் சோதனை எளிமையானது. 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு ஒருமுறை சாய்ப்பார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் உறைகிறது. தண்ணீர்போல ஓடினால் உறையவில்லை; விரியன் விஷம் ஏறியதன் அடையாளம் அது.

முதல் தவணை விஷத்தை முறித்துவிட்டாலும் ரத்தம் உடனே உறையாது. விஷம் தின்று தீர்த்த உறைபுரதங்களைக் கல்லீரல் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம்தான் அந்த 6 மணி. ஒரு மணி நேரத்திலேயே சோதித்து "உறையவில்லை" என்று மறுபடி மருந்து கொடுத்தால், தேவையில்லாமல் கொடுத்ததாக ஆகலாம். 6 மணி நேரம் கழித்தும் உறையவில்லை என்றால், கட்டப்படாத விஷம் மிச்சமிருக்கிறது என்று பொருள். அப்போது இன்னொரு 5 முதல் 10 குப்பி கொடுக்கிறார்கள். விரியன் கடிக்கு மொத்தம் 30 குப்பி வரை போகலாம். அந்த வரம்பும் குழந்தைக்கு, பெரியவருக்கு என்று தனித்தனியாக இல்லை. உறைந்த பிறகும் ஒரு நாள்வரை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். கடிபட்ட இடத்தில் தங்கிய விஷம் மெல்ல மெல்ல ரத்தத்தில் கலந்து, உறைந்த ரத்தம் மறுபடி உறையாமல் போவதுண்டு.

இதில் கவனிக்க வேண்டியது குழாய். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலோ நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். அதை நம்பினால், விஷமே ஏறாத குழந்தைக்கு மருந்து போய்விடும். சந்தேகம் வந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தை அதேபோன்ற குழாயில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குதிரை ரத்த மருந்து என்கிறீர்கள். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் தோலில் கொஞ்சம் குத்திப் பார்க்கக் கூடாதா? (வாணியம்பாடி)

கூடாது. தோல் சோதனையில் ஒன்றும் ஆகாத குழந்தைக்கு ஒவ்வாமை வந்ததும் உண்டு. சோதனையில் தடித்த குழந்தைக்கு ஒன்றும் ஆகாததும் உண்டு. நேரம் போவதுதான் மிச்சம்.

ஒவ்வாமை வரலாம் என்று எண்ணித்தான் மருந்தையே தொடங்க வேண்டும். உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, வாந்தி, குளிர் நடுக்கம், மூச்சில் விசில் சத்தம், நாடி தளர்வது இவற்றில் எது தெரிந்தாலும் டிரிப்பை நிறுத்திவிட்டு தொடையில் அட்ரினலின் போடுவார்கள். இந்த ஊசிக்குத்தான் எடை தேவை: கிலோவுக்கு 0.01 மி.கி. 14 கிலோ குழந்தைக்கு 0.14 மி.லி. (1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஊசிமருந்து). இந்தச் சின்ன அளவைப் பதற்றத்தில் கணக்குப் போடக் கூடாது. விஷமுறிவு மருந்து தொடங்கும் முன்பே சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒவ்வாமை அடங்கியதும் அதே டிரிப்பை மெதுவாகத் தொடர்ந்து, மீதியை முழுசாக ஏற்றி முடிக்க வேண்டும். "ஒத்துக்கொள்ளவில்லை" என்று பாதியில் விடுவது விஷத்தைப் பாதியில் விடுவது.

தரையில் படுத்திருந்த பையன் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுதான். கடித்த தடமே இல்லை. பிறகு இமை தொங்கியது. கட்டுவிரியன் என்று 10 குப்பி கொடுத்தும் வென்டிலேட்டர் வைத்தார்கள். மருந்து போதவில்லையா? (பேரணாம்பட்டு)

போதாமல் இல்லை. கட்டுவிரியன் விஷம் நரம்பின் முனைக்குள் புகுந்து அதைச் சேதப்படுத்துகிறது. மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். சேதமான முனையைச் சரிசெய்யாது. அது தானாக வளர்ந்து வர நாள்கள் ஆகும். அதுவரை மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நரம்பு விஷத்தில் 20 குப்பிக்கு மேல் ஏற்றிக்கொண்டே போவதில் பலன் இல்லை. இங்கே பிழைக்க வைப்பது வென்டிலேட்டர். இரவில் தரையில் தூங்கிய குழந்தை வயிற்று வலியோடு எழுந்து, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால், தடம் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாம்பு கடித்தது உறுதி. ஆனால் மகனுக்கு ஊசியே போடாமல் வைத்திருந்தார்கள். (ராணிப்பேட்டை)

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ரத்தம் உறைகிறது, இமை தொங்கவில்லை, வீக்கம் ஏறவில்லை என்றால் விஷம் இறங்கியதற்கான அறிகுறி அப்போது இல்லை. ஆனால் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அறிகுறி எப்போது வந்தாலும் கொடுப்பது முழுத் தவணைதான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. குழந்தைக்கு மறுபடி காய்ச்சல், மூட்டு வலி, தோலில் தடிப்பு. விஷம் மிச்சம் இருக்கிறதா? (ஆம்பூர்)

பெரும்பாலும் இது விஷம் அல்ல; குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் தாமதமான எதிர்ப்பு. மருந்து ஏற்றிய 1 முதல் 12 நாளுக்குள், பெரும்பாலும் ஏழாம் நாளை ஒட்டி வரும். அரிப்பு மருந்தோ சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையோ போதும். அதை மருத்துவர் எடை பார்த்து எழுதுவார். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை குப்பி, எந்தத் தேதி என்பது அதில் இருக்கும். சிறுநீர் குறைந்தாலோ கருத்து வந்தாலோ முகம் உப்பினாலோ மறுநாளைக்குத் தள்ள வேண்டாம். அது கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தில் விட்டுப்போன சேதமாக இருக்கலாம்; ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும்.