டாக்டரையும் செக்கையும் பிரித்து வையுங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு போட்டு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறோமுங்க. லேபிளுக்கு ‘டாக்டருக்குக் கொடுப்பதை எங்கள் செக்குக்குக் கொடு’ என்று ஒரு ஏஜென்சி எழுதிக் கொடுத்திருக்கிறது. பழமொழி தெரிகிறது, ஆனால் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. மேற்கொண்டு பணம் கட்டினால் வேறு யாரும் தொடாதபடி பதிவு செய்து தருகிறார்களாம். கட்டலாமுங்களா?

பதில்: கட்ட வேண்டாம். வாசகத்தையும் மாற்றிவிடுங்கள்.

‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்பதைத் தூக்கி நிறுத்துவது இரண்டு பக்கமும் வரும் ‘வ’தான். வைத்தியன், வாணியன் இரண்டும் வகரத்தில் தொடங்கி ஒரே ஓசையில் முடிகின்றன. ஏஜென்சி இரண்டையுமே எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது ‘கொடுப்பதை… கொடு’ என்ற எலும்புக்கூடு மட்டும். பழமொழியைத் திருப்பும்போது ஒரு இடத்தில்தான் கை வைக்க வேண்டும். அங்கே உட்காரும் புதுச் சொல்லும் பழைய சொல்லின் ஓசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ‘எங்கள்’ என்ற சொல். பழமொழியில் ‘கொடு’ என்றால் யாருக்கும் கோபம் வராது, அது பொதுவான சொல். ‘எங்கள் செக்குக்கு’ என்று போட்டதும் பேசுவது கடைக்காரர் ஆகிவிடுகிறார், வாங்க வந்தவரை ‘கொடு’ என்று அதட்டுகிறார். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடும் நம் ஊரில் இது காதில் உறுத்தாமல் போகாது.

டாக்டரை இழுப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. ‘பழமொழிதானே சொன்னேன்’ என்று அதிகாரியிடம் வாதாடும் நிலை உங்களுக்கு எதற்கு?

எண்ணெய்க்கு வேறு நல்ல பழமொழி இருக்கிறது: ‘எள்ளுன்னா எண்ணெயா நிப்பான்.’ சொன்ன மாத்திரத்தில் வேலையை முடிப்பவனைச் சொல்வது. அதை ‘எள்ளுன்னா நல்லெண்ணெயா நிப்போமுங்க’ என்று ஆக்குங்கள். உள்ளே சேர்ந்தது ‘நல்’ மட்டுமே, அதிலேயே பொருளின் பெயர் வந்துவிட்டது. கடைசியில் மரியாதையும் வந்துவிட்டது. ஆனால் இது வேகத்தை வாக்குக் கொடுக்கும் வாசகம். போன் போட்டால் அன்றைக்கோ மறுநாளோ எண்ணெய் போய்ச் சேர வேண்டும். கடலை எண்ணெய் பாட்டிலில் இதை ஒட்டவும் முடியாது.

எதிர்மறைப் பழமொழியை எடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். எண்ணெயையும் எலிப்புழுக்கையையும் சேர்த்துச் சொல்லும் பழமொழியை எப்படித் திருப்பினாலும் பாட்டிலைப் பார்ப்பவருக்கு எலிதான் ஞாபகம் வரும். ஒரே ஒரு விலக்கு உண்டு. பழமொழி எச்சரிக்கும் ஆபத்தைத் தீர்ப்பதே உங்கள் தொழிலாக இருந்தால் எடுக்கலாம். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருப்பவர், நீரோட்டம் பார்த்துவிட்டுத்தான் துளை போடுகிறார் என்றால், ‘ஆழம் தெரியாமல் காசை விடாதே’ என்று எழுதலாம். ‘காலை’ என்பதில் ஒரே எழுத்துதான் மாறியிருக்கிறது. எச்சரிக்கையும் அப்படியே நிற்கிறது, அது திரும்புவது நீரோட்டம் பார்க்காதவர் பக்கம். அதே வாசகத்தை நீரோட்டம் பார்க்காமல் அடிக்கு இவ்வளவு என்று மட்டும் வாங்குகிறவர் போட்டால் அவரையே அது குத்தும். விவசாயி உடனே கண்டுபிடித்துவிடுவார். மோட்டார் விற்பவருக்கும் இது பொருந்தாது, ஆழம் பார்ப்பது அவர் வேலை இல்லையே.

இனி பதிவு விஷயம். இதில்தான் நம் ஊர்ச் சிறு முதலாளிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஊருக்கே பொதுவான பழமொழியைப் பூட்டி வைக்க முடியாது. தனித்தன்மை இல்லாததைப் பதிவு செய்ய 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவே தடை. இடைத்தரகர் விண்ணப்பம் போட்டு ஒரு எண்ணைக் காட்டி ‘முடிந்தது’ என்பார். அது விண்ணப்ப எண், உரிமை இல்லை. மறுப்பு வரும்போது அவர் போனை எடுக்க மாட்டார். பதிவாகும் முன்பே லேபிளில் வட்டத்துக்குள் ஆர் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது 107-ஆம் பிரிவின்படி குற்றம், மாட்டுவது நீங்கள். தமிழ் வாசகத்துக்கு விண்ணப்பத்தில் மொழிபெயர்ப்பும் கேட்கிறார்கள். ‘நல்லெண்ணெயா நிப்போமுங்க’ என்பதை மொழிபெயர்த்தால் அதில் என்ன மிஞ்சும்? தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழைத் தமிழாகவே பார்க்க ஒரு வழி செய்யக் கூடாதா?

பணம் செலவழிப்பதென்றால் உங்கள் பிராண்டு பெயரைப் பதியுங்கள். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கு இணையவழி அரசுக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். ஏஜென்சி கேட்கும் தொகையில் இது போக மீதி எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

லேபிள் அடிக்கும் முன் ஒரு சோதனை. சந்தையில் தெரியாத நாலு பேரிடம் ‘எள்ளுன்னா…’ என்று நிறுத்துங்கள். அவர்களாகவே ‘எண்ணெயா நிப்பான்’ என்று முடித்தால் பழமொழி உயிரோடு இருக்கிறது. அப்புறம் வேறு நாலு பேரிடம் புது வாசகத்தை முழுதாகச் சொல்லி, பாட்டிலைக் காட்டாமல் என்ன விற்கிறோம் என்று கேளுங்கள். நல்லெண்ணெய் என்று சொல்லிவிட்டால் அச்சுக்குக் கொடுக்கலாம்.