மாடியில் மஞ்சள்: இலை பழுப்பதை நம்பித் தோண்டலாமா?

சென்னையில் மொட்டை மாடியில், குரோ பேக்கில் மஞ்சள் கிழங்கு நடலாம் என்றிருக்கிறேன். எந்த மாதம் நடுவது, நிழல் வேண்டுமா, அறுவடைக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மளிகைக்கடை விரலி மஞ்சளை நடாதீர்கள். அது வேகவைத்துக் காயவைத்தது, முளைக்காது. பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தில் தடித்த கிழங்காகப் பார்த்து எடுத்து, ஈரமில்லாத மணலில் நிழலில் புதைத்து வையுங்கள். சித்திரை வாக்கில் தானாகவே முளை எட்டிப் பார்க்கும்.

கத்திரி வெயில் முடிந்ததும், வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ நடலாம். ஒரு துண்டில் இரண்டு முளையாவது இருக்கட்டும். வெட்டிய பக்கம் ஓரிரு நாள் காய்ந்த பிறகு, முளை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்கள். கிழங்கு பக்கவாட்டில் ஓடும் என்பதால் பை உயரத்தைவிட அகலம் முக்கியம். முதலில் முக்கால் பை மண் போதும். மேலே விட்ட இடம் பிறகு மண் அணைக்க உதவும். முளை வெளியே வர மூன்று நான்கு வாரம்கூட ஆகும். அதுவரை மண்ணில் லேசான ஈரம் இருந்தால் போதும், தினமும் ஊற்றினால் துண்டு அழுகிவிடும்.

இனி நிழல். காலை வெயில் நன்றாகப் பட வேண்டும், மதிய வெயில் படக்கூடாது. நம்மூர் மாடியில் தளத்துச் சூடும் சேர்ந்துகொள்வதால் பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டுவது நல்லது. முழு நிழலில் வைத்தால் இலை மட்டும் பெரிதாக வளரும், அடியில் ஒன்றும் இருக்காது.

அறுவடைக்கு இலை மஞ்சளாக வேண்டும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எந்த மாதம் மஞ்சளாகிறது என்பதைப் பாருங்கள். ஆனி, ஆடியில் நுனியும் ஓரமும் காகிதம்போல் கருகினால் அது வெயில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, தண்டின் அடி நீர்கோத்துக் கொழகொழவென்று இருந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது கிழங்கழுகல். அந்தப் பையை உடனே மற்றவற்றிடமிருந்து விலக்கிவிடுங்கள், அதன் மண்ணில் மறுபடி மஞ்சளோ இஞ்சியோ வேண்டாம். மழைக்கு முன்பே பைகளைச் செங்கல்மேல் ஏற்றி, அடித்துளை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

தை, மாசியில் எல்லா இலையும் சேர்ந்து பழுத்துக் காய்ந்து தண்டு சாய்ந்தால்தான் விளைச்சல். அப்போது தண்ணீரை நிறுத்தி இரண்டு வாரம் விடுங்கள். பிறகு ஓரத்து மண்ணை விலக்கி, கிழங்கைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் உரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பொங்கல் பானைக்குப் பச்சை இலையோடு கொத்து வேண்டுமென்றால் ஒரு பையை மட்டும் அதற்கென்று விட்டுவிடுங்கள். அதில் கிழங்கு கொஞ்சம் இளசாகத்தான் இருக்கும்.

இஞ்சிக்கும் இதே பருவம்தான். நிழல் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஊறுகாய்க்கு நாரில்லாத இளம் இஞ்சி வேண்டுமானால் ஆறாம் மாதமே, இலை பச்சையாக இருக்கும்போதே, ஓரத்தில் தோண்டி எடுக்கலாம்.