14 மணி நேரப் பேருந்துப் பயணம்: கால் வீக்கத்துக்கு எந்தக் காலுறை, எந்தக் கால்மெத்தை?

*71 வயது மாமியார், 5 வயது மகளோடு இரவு முழுக்கப் பேருந்தில் போகிறோம், மொத்தம் 14 மணி நேரம். போன முறை இறங்கும்போது செருப்பு நுழையாத அளவுக்கு அத்தைக்கு இரண்டு காலும் வீங்கிவிட்டன. மகள் வாந்தி எடுப்பாள். அழுத்தக் காலுறை, காற்றடிக்கும் கால்மெத்தை, கழுத்துத் தலையணை எல்லாம் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். இதில் எதை வாங்கினால் உண்மையிலேயே பயன்?*

காலுறையும் கால்மெத்தையும் வாங்குங்கள், ஆனால் அளவெடுத்த பிறகு. கழுத்துத் தலையணைக்குக் கடைசி இடம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் ரத்தத்தை மேல்நோக்கிப் பிழிந்து அனுப்புகிறது. உட்கார்ந்தே இருந்தால் அந்த வேலை நின்றுபோகும். நாளங்களில் தேங்கும் ரத்தத்திலிருந்து நீர் கசிந்து கணுக்காலைச் சுற்றிச் சேரும். உயரம் குறைந்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பாதம் தரையைத் தொடாமல் தொங்கினால் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி, ரத்தம் திரும்பும் வழியையே நெருக்கிவிடும். முதல் சிக்கலுக்குக் காலுறை, இரண்டாவதற்குக் கால்மெத்தை.

அழுத்தக் காலுறை கணுக்காலில் இறுக்கமாகவும், மேலே போகப் போகத் தளர்வாகவும் நெய்யப்பட்டிருக்கும். பயணத்துக்கு முழங்காலுக்குக் கீழே முடியும் வகையே போதும். பெட்டியில் அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 15–20 என்று இருப்பதை எடுங்கள். 20–30 என்பது பெரும்பாலும் மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டியது. எண்ணே இல்லாமல் ‘பயணக் காலுறை’ என்று மட்டும் போட்டிருந்தால் அது வெறும் இறுக்கமான சாக்ஸ். ‘சர்க்கரை நோயாளிகளுக்கான காலுறை’ இதற்கு நேர் எதிரானது. அது அழுத்தக் கூடாது என்பதற்காகவே தளர்வாகத் தைக்கப்படுகிறது. கடைகளில் இரண்டும் அடிக்கடி மாறிப்போகும்.

செருப்பு எண்ணை வைத்து அளவு தேர்ந்தெடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன் நாடாவால் அளங்கள். கணுக்கால் எலும்புக்கு மேலே மிக ஒல்லியான இடத்தில் ஒரு சுற்று, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் ஒரு சுற்று, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஒரு நீளம். உதாரணமாகக் கணுக்கால் 22, கெண்டை 37 செ.மீ. வந்தால், அந்தக் கம்பெனியின் அட்டவணையில் இரண்டு எண்ணும் ஒரே கட்டத்தில் விழ வேண்டும். கணுக்கால் ஒரு சைஸிலும் கெண்டை அடுத்த சைஸிலும் விழுந்தால் வேறு கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள். கெண்டைக்குச் சின்னதாகப் போனால் மேல் விளிம்பு கயிறு கட்டியதுபோல் இறுக்கி, வீக்கத்தைக் கூட்டிவிடும்.

போடுவதிலும் ஒரு முறை உண்டு. காலுறையைக் குதிகால் பகுதி வரை உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, முதலில் பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்கார வையுங்கள். பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் பாதிதான் ஏறும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தடவி ஏற்றினால் பிடி வழுக்காது. விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். நீளம் மிஞ்சினால் மடித்துவிடக் கூடாது, மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும். கிளம்பும் நாளில் முதன்முதலாகப் போட வேண்டாம். அதற்கு முன்பே ஒரு நாள் வீட்டில் மூன்று, நான்கு மணி நேரம் போட்டுப் பாருங்கள். விரல்கள் வெளிறினாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.

சிலருக்கு இந்தக் காலுறையே ஆபத்து. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சரியாகிறது என்று அத்தை சொல்வதுண்டா? அது காலுக்குப் போகும் தமனி அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், காலில் புண் உள்ளவர்கள் ஆகியோருக்கும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

கால்மெத்தையில் உயரமே முக்கியம். அத்தையைச் செருப்போடு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளங்கள். அது 39 செ.மீ., பேருந்து இருக்கை 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் தேவை 6 செ.மீ. தாங்கல்தான். படங்களில் காட்டும் பெட்டி போன்ற பெரிய மெத்தை இருக்கை உயரத்துக்கே வரும். அதன்மேல் காலை மடக்கி வைத்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய், பாரம் முழுதும் வால் எலும்பில் இறங்கும். அரைக்காற்று அடித்தால் தள்ளாடும். அடுக்கடுக்காகத் தனித்தனி வால்வு உள்ளதாக வாங்கினால் கீழ் அடுக்கை மட்டும் ஊதிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், துணி திணித்த கெட்டியான ஒரு பையும் இதே வேலையைச் செய்யும். முன்சீட்டில் மாட்டும் ஊஞ்சல் வகை வேண்டாம். அதில் கால் தொங்குமே தவிர ஊன்றாது.

அதே பெரிய மெத்தையைக் குழந்தை படுக்க என்றும் விற்கிறார்கள். ஓடும் பேருந்தில் அது சரியில்லை. திடீர் பிரேக்கில் படுத்திருக்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. சீட் பெல்ட் இருந்தால் மகள் அதைப் போட்டு உட்காரட்டும்.

மகளின் வாந்திக்கு மணிக்கட்டுப் பட்டை பலருக்குப் பலன் தருவதில்லை, கெடுதலும் இல்லை. வாயில் கெட்டி வளையமும் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் தூளும் கொண்ட வாந்திப் பைகளை வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் பை இருட்டில் வாய் திறக்காது, அடியில் ஓட்டையும் இருக்கும். ஆறு பை போதும், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மாத்திரை என்றால் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே தர வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் வயிற்றில் தங்காது. காதுக்குப் பின் ஒட்டும் பிளாஸ்திரி குழந்தைக்கும் கூடாது, அத்தைக்கும் கூடாது. வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம்.

கழுத்துத் தலையணை வாங்கியே தீருவதானால் பின்பக்கம் மெலிந்ததாக இருக்கட்டும். பருத்த பின்பக்கம் தலையை முன்னால் தள்ளும். பலரும் அதைத் திருப்பிப் போட்டுத் தாடைக்குக் கீழே வைத்துத் தூங்குவது அதனால்தான்.

காலுறை போட்டிருந்தாலும் மணிக்கு ஒரு முறை குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவதும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாக இருபது தடவை செய்யச் சொல்லுங்கள். பேருந்து நிற்கும் இடங்களில் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கட்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிறாரா என்றும் கவனியுங்கள். அப்படியானால் உறிஞ்சும் உள்ளாடையில், பக்கவாட்டில் கிழித்துக் கழற்றக்கூடிய வகையை வாங்கி, முந்தைய இரவு ஒருமுறை போட்டுப் பழக்கிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் காலுறையைக் கழற்றி, காலை உயர்த்தி வையுங்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரியான வீக்கம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலியோ சூடோ இருந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் எந்தப் பயணத்துக்குப் பிறகும், விமானமானாலும் பேருந்தானாலும், அதற்கான வாய்ப்பு சில வாரங்கள் வரை சற்றுக் கூடுதல். அந்தக் காலைத் தேய்த்துவிடாமல், காலுறையும் போடாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.