‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று போட்டிருந்தும் பம்ப் ஏன் சிக்குகிறது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 96 வீடுகள். அடித்தளத்தில் உள்ள கழிவுநீர் சம்ப்பில் இரண்டு நீர்மூழ்கிப் பம்புகள் இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று ட்ரிப் ஆகி நின்றுவிடுகிறது. தூக்கிப் பார்த்தால் கந்தல் துணி மாதிரி சுற்றிக் கிடக்கிறது. வெட் வைப்ஸ்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். ஆனால் பல வீடுகளில் வாங்குவது ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று அச்சிட்ட பாக்கெட். காது பட்ஸும் கிடக்கிறது, அவ்வளவு சின்னக் குச்சி என்ன செய்துவிடும்? பெரிய பம்பாக மாற்றிவிட்டால் சரியாகுமா?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

பதில்: பம்பை மாற்ற வேண்டாம். உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. அடுத்த முறை பம்பைத் தூக்கும்போது அந்தக் கந்தலைக் கழுவி, விரித்துப் பாருங்கள். வேட்டி துணி ஏதும் இருக்காது. உள்ளங்கை அகலத்தில் சதுரம் சதுரமாக, ஒன்றோடொன்று முறுக்கிய துண்டுகள் வரும். இழுத்துப் பார்த்தால் எளிதில் கிழியாது. விஷயமே அந்தக் கிழியாத குணத்தில்தான் இருக்கிறது.

கழிவறைத் தாள் மரக்கூழின் குட்டை நார்களால் ஆனது. காய்ந்திருக்கும்வரை அந்த நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் பிடி விட்டுப் போகும். வெட் வைப்ஸ் அப்படிச் செய்யப்படுவதில்லை. பெரும்பாலான வகைகளில் பாலியஸ்டர், விஸ்கோஸ் போன்ற மூன்று நான்கு சென்டிமீட்டர் நீள நார்களைப் பரப்பி, அவற்றின்மேல் ஊசி போன்ற நீர்த்தாரைகளை மிகுந்த அழுத்தத்தில் பாய்ச்சிப் பின்னுகிறார்கள். தண்ணீராலேயே பின்னப்பட்ட பொருள் அது. அப்புறம் பாக்கெட்டுக்குள் மாதக்கணக்கில் நனைந்தபடியே கிடக்கிறது. அங்கே கரையாதது உங்கள் குழாயில் இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடுமா?

‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்ற வகை கொஞ்சம் வேறு. நல்ல தயாரிப்பாளர்கள் அதில் குட்டை நார்களையே அதிகம் போடுகிறார்கள், உண்மையிலேயே பிரிந்துபோகவும் செய்கிறது. ஆனால் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு குலுக்கினால் என்பதுதான் கேள்வி. தண்ணீர்ப் பெட்டியில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டி, பிறகு சல்லடையில் வடித்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. வைப்ஸ் தயாரிப்பாளர்கள் வகுத்த சோதனையில் ஆட்டம் வேகம், நேரமும் கூடுதல். கழிவுநீர்த் துறையினர் வகுத்தது அதைவிடக் கடுமையானது. மெதுவாக, குறைந்த நேரமே ஆட்டி, அதற்குள் பிரிந்துவிட வேண்டும் என்று கேட்கிறது. எந்தச் சோதனையில் தேறியது என்பதைப் பாக்கெட்டின் அந்த ஒரு வரி சொல்வதில்லை. அதோடு, ஐந்தாவது மாடியிலிருந்து செங்குத்துக் குழாய் வழியே உங்கள் சம்ப்புக்கு வந்து சேர ஒன்றிரண்டு நிமிடம் போதும். அரை மணி நேரத்தில் பிரியும் நல்ல சரக்குகூட முழுசாகவே பம்பின் வாயில் வந்து நிற்கும். தெருச் சாக்கடையில் நெடுந்தூரம் போய்ச் சேரும் வீடுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. உங்களைப் போல் வீட்டுக்கடியிலேயே பம்ப் வைத்திருப்பவர்களுக்குத்தான் அதிகம்.

சங்கக் கூட்டத்தில் யாராவது வாதம் செய்தால் இரண்டு கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுபோங்கள். இரண்டிலும் முக்கால் பங்கு தண்ணீர். ஒன்றில் கழிவறைத் தாள், இன்னொன்றில் அவர் வீட்டு வைப்ஸ். மூடிப் பத்து முறை குலுக்கி, இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, மறுபடி பத்து முறை குலுக்குங்கள். தாள் கஞ்சியாகிவிடும். மற்ற ஜாடியில் இருப்பதை அவரையே கையால் எடுத்து உதறச் சொல்லுங்கள்.

சரி, சம்ப்புக்குள் என்ன நடக்கிறது? ஒரே ஒரு வைப்ஸ் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் சம்ப்பில் தண்ணீர் சுழலும். மேலே குழாயிலிருந்து விழும் வேகம் ஒரு சுழல், கீழே பம்ப் உறிஞ்சுவது இன்னொரு சுழல். மிதக்கும் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்து முறுக்கிக் கயிறாகும். பெரிய நீரேற்று நிலையங்களில் இப்படிப் பல மீட்டர் நீளத்துக்குக் கயிறு திரிந்துவிடும். தலைமுடி, பல் இடுக்கு நூல், சமையல் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதில் சேர்ந்துகொள்ளும். லண்டனின் வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் 2017இல் கண்டுபிடித்த கொழுப்புக்கட்டி 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன் எடை. கொழுப்பு மட்டும் தனியாக அப்படி நிற்காது. வைப்ஸ் போன்றவைதான் அதைக் கட்டிப்பிடித்து வைக்கின்றன.

பெரிய பம்ப் ஏன் தீர்வில்லை என்று இப்போது புரியும். ‘65 மில்லிமீட்டர் கட்டி வரை போகும்’ என்று பம்பில் குறித்திருப்பது பந்து போன்ற பொருளுக்கான கணக்கு. வைப்ஸ் பந்து இல்லையே, அது துணி. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இதழ் முன்விளிம்பில் துவைத்த துணி கொடியில் தொங்குவதுபோல் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் தொங்கிக்கொள்ளும். அடுத்தது அதன்மேல் வந்து உட்காரும். துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விளிம்பு இருக்கும்வரை துணி தொங்கும்.

பட்ஸ் விஷயம் வேறு மாதிரி. குச்சி பம்பை நேரடியாக நிறுத்துவது அபூர்வம். அது குழாய் வளைவிலும் இணைப்பிலும் குறுக்கே சிக்கி நிற்கும். அப்புறம் வருகிற நூலும் முடியும் வைப்ஸும் மாட்டிக்கொள்ள அது ஒரு ஆணி. பஞ்சு பிரிந்து போனாலும் பிளாஸ்டிக் தண்டு அப்படியே இருக்கும். சுத்திகரிப்பு நிலைய வாசலில் 6 மில்லிமீட்டர் இடைவெளிச் சல்லடை வைத்திருந்தாலும், இரண்டு மூன்று மில்லிமீட்டரே பருமனுள்ள குச்சி நிமிர்ந்து வந்தால் நழுவிப் போய்விடும். கடற்கரைகளில் கழிவுநீரோடு வந்த பட்ஸ் குச்சிகள் ஒதுங்குவது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும், இந்தியா 2022 ஜூலையிலும் பிளாஸ்டிக் தண்டு பட்ஸைத் தடை செய்தன. காகிதத் தண்டு நல்லதுதான், ஆனால் அதுவும் உங்கள் சம்ப் வரை வரும் தூரத்தில் கரைந்துவிடாது.

பம்ப் ட்ரிப் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும் அளவுகோலும் இருந்தால் சிக்கல் வளர்வதை முன்பே பார்க்கலாம். தண்ணீர் வரத்து குறைவான பிற்பகல் மூன்று மணி வாக்கில், மூடி வழியாக வெளியே நின்றபடியே இதைச் செய்யுங்கள். உங்கள் சம்ப் 2.5 மீட்டருக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 5 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்பது 50 லிட்டர். முதலில் இரண்டு பம்பையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். 4 சென்டிமீட்டர் ஏறினால் 200 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 20 லிட்டர் வரத்து. பிறகு ஒரு பம்பை மட்டும் ஓட்டுங்கள். 30 சென்டிமீட்டர், அதாவது 1,500 லிட்டர் இறங்க 6 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 250 லிட்டர். உள்ளே வந்துகொண்டிருந்த 20 லிட்டரையும் கூட்டினால் பம்பின் உண்மைத் திறன் 270. பம்பைக் கழுவி மாட்டிய மறுநாள் இந்த எண்ணைக் குறித்துவைத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே 30 சென்டிமீட்டருக்கு 10 நிமிடம் ஆகிறதென்றால் 150 கூட்டல் 20, மொத்தம் 170 லிட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறன் போய்விட்டது. இதுதான் தூக்க வேண்டிய நேரம்.

கூடவே எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டரால் ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். பம்பின் தகட்டில் போட்டிருப்பதைவிடக் கூடினால் இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே துணி புகுந்து உரசுகிறது. மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலேயைத் தட்டிவிடுவது இதுதான். வழக்கத்தைவிடக் குறைந்தால் பம்பின் வாய் அடைத்து, தண்ணீரே போகாமல் வெறுமனே சுற்றுகிறது என்று அர்த்தம். பலர் ஆம்பியர் குறைந்திருக்கிறது, நல்லதுதானே என்று விட்டுவிடுவார்கள். அது நல்லதில்லை.

இன்னொன்று, நான் பார்த்த ஒரு குடியிருப்பில் இரண்டு மாதம் எல்லோரையும் சுற்றவிட்டது. பம்ப் சுத்தமாக இருந்தது, ஆம்பியர் சரி, ஆனாலும் சம்ப் காலியாகவே இல்லை. கடைசியில் பார்த்தால் ஓடாத பம்பில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் ஒரு வைப்ஸ் மடிந்து உட்கார்ந்திருந்தது. வால்வின் கதவு முழுசாக மூடவில்லை. ஓடும் பம்ப் தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி, நின்றிருந்த பம்ப் வழியாகச் சம்ப்புக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பம்பை நிறுத்திய அடுத்த நிமிடமே மட்டம் விறுவிறு என்று ஏறினால் வால்வைத் திறந்து பாருங்கள். நீர்மட்டத்தைப் பொறுத்துப் பம்பை ஓட்டி நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சின் கம்பியிலும் கயிறு சுற்றும். தண்ணீர் ஏறியும் பம்ப் ஓடாமலோ, இறங்கியும் நிற்காமலோ இருந்தால் அங்கே பாருங்கள்.

சரி செய்வதற்கு ஆசிட், பாக்டீரியாப் பொடி என்று யாராவது விற்க வருவார்கள். பாலியஸ்டரை இரண்டும் தொடாது. வெட்டும் பம்ப் உங்கள் அளவுச் சம்ப்புக்கு ஓரளவு உதவும், மறுக்கவில்லை. ஆனால் கத்தி மழுங்கியதும் நாடா நாடாவாகக் கிழித்து அனுப்பும், அந்த நாடாக்கள் கீழே போய் மறுபடி முறுக்கிக்கொள்ளும். சங்கத்தின் தலைவலி தெருவின் தலைவலியாக மாறும், அவ்வளவுதான்.

நான் செய்வதாக இருந்தால் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். ஒவ்வொரு பிளாக்கின் ஆய்வுத் தொட்டியிலும் 25 மில்லிமீட்டர் இடைவெளிக் கம்பித் தட்டி ஒன்றை இரண்டு நாள் மட்டும் வைத்து, காலையும் மாலையும் வாரி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு குழாய்வரிசையிலிருந்துதான் வரும். கைக்குழந்தை அல்லது படுத்த படுக்கையாக முதியவர் இருக்கும் வீடுகளாக இருக்கும். அவர்களுக்கு வேறு வழியே இல்லாமல் இல்லை, கழிவறைக்குள் குப்பைத்தொட்டி இல்லை, அதுதான் காரணம். மிதித்தால் திறக்கும் மூடித்தொட்டியைச் சங்கமே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சுற்றறிக்கையைவிட அது வேலை செய்யும். சம்ப்பின் நுழைவாயிலில் நிரந்தரக் கூடைச் சல்லடை வைக்கலாம், ஆனால் தினமும் தூக்கிக் கொட்ட ஆள் உறுதியாக இருந்தால் மட்டும். இரண்டு நாள் விட்டால் அதுவே அடைத்து, தண்ணீர் கீழ்த்தளக் கழிவறை வழியாகப் பொங்கும்.

பம்பை எப்போதும் சங்கிலியால், வழிகாட்டிக் கம்பி மூலம் மேலே இழுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். சங்கிலி இல்லையென்றால் அடுத்த வேலை அதைப் போடுவது. அடியில் கிடக்கும் கயிறை எடுக்க உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். ‘அஞ்சு நிமிஷம்தான், நான் இறங்கி எடுத்துடறேன்’ என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். கிளறிய கசடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். அதிக அளவில் அது மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும், வாடை இல்லை என்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே.